முன்கணிப்பில் பொதுமுடக்க மாதங்கள்

2020 ஏப்ரலில் இந்தியாவின் ஜிஎஸ்டி வசூல் 32,172 கோடி ரூபாய். முந்தைய ஆண்டு அதே மாதத்தில் அது 1,13,865 கோடி. மார்ச் 25 அன்று தொடங்கிய பொதுமுடக்கம் ஒரே மாதத்தில் வசூலை நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகச் சுருக்கிவிட்டது. அதன்பின் மே மாதம் 62,151 கோடி, ஜூனில் 90,917 கோடி என்று ஏறி, செப்டம்பரில் முந்தைய ஆண்டின் அளவைத் தாண்டியது. பொருளாதாரத்தைப் பொறுத்தவரை பள்ளம் ஐந்து மாதங்களில் மூடிவிட்டது. ஆனால் அடுத்த ஆண்டு வசூலைக் கணிக்க உட்காருபவருக்கு அந்த ஐந்து எண்களும் தொடர்ந்து தொல்லை தரும்.

காரணம் எளிது. மாதாந்திரத் தொடர்களை முன்கணிக்கும் முறைகளில் பெரும்பாலானவை சென்ற ஆண்டின் இதே மாதத்தை அடிப்படையாகக் கொள்கின்றன. ஏப்ரலில் நிதியாண்டு முடிவுக் கணக்குகளின் வரி வந்து சேருவதால் வசூல் எப்போதும் கூடும். அந்தப் பருவகாலப் போக்கை முறை தானாகவே கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. 2021 ஏப்ரலை இப்படிக் கணித்தால் 2020 ஏப்ரலின் 32,172 கோடியோடு 8 சதவீத வளர்ச்சியைக் கூட்டி, சுமார் 34,700 கோடி என்று விடை வரும். அந்த மாதம் அரசு அறிவித்த வசூல் 1,41,384 கோடி. ஓராண்டுக்கு முன் நடந்து முடிந்த ஒரு நிகழ்வு, மீண்டும் நடக்கும் என்ற அனுமானத்தோடு கணிப்புக்குள் புகுந்துவிட்டது.

அந்த மாதங்களைத் தரவிலிருந்து வெட்டி எறிந்துவிடலாமா? காலத்தொடரில் அது சரிப்படாது. ஒவ்வொரு மாதமும் முன்னும் பின்னும் உள்ள மாதங்களோடு இணைந்திருப்பதால், நடுவில் ஐந்தை எடுத்துவிட்டால் மார்ச்சுக்கு அடுத்த மாதம் செப்டம்பர் என்று மாதிரி நினைத்துக்கொள்ளும். மாதங்கள் அதனதன் இடத்திலேயே இருக்க வேண்டும். அவற்றில் எவ்வளவு பொதுமுடக்கத்தால் வந்தது என்பதை மட்டும் தனியே பிரிக்க வேண்டும். இதற்கான முறைதான் இடையீட்டுப் பகுப்பாய்வு.

ஓசோனில் தொடங்கிய முறை

ஜார்ஜ் பாக்ஸ், ஜார்ஜ் டியாவ் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1975-இல் எழுதிய கட்டுரை இந்த முறைக்கு வடிவம் தந்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகரக் காற்றில் இருந்த ஓசோனின் மாதாந்திர அளவுகள் அவர்கள் எடுத்துக்கொண்ட தொடர்களில் ஒன்று. 1960-இல் அங்கே ஒரு புதிய நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. பெட்ரோலின் சேர்க்கையைக் கட்டுப்படுத்தும் விதியும் அதே காலத்தில் வந்தது. 1966 முதல் புதிய கார்களின் இன்ஜின் வடிவமைப்புக்கும் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. இவற்றால் ஓசோன் குறைந்ததா, எவ்வளவு குறைந்தது என்பது கேள்வி. முன்னும் பின்னும் சராசரி எடுத்து ஒப்பிட்டால் போதாது. ஓசோன் பருவத்துக்குப் பருவம் மாறும், ஒரு மாதத்தின் மதிப்பு அடுத்த மாதத்தையும் தொட்டுக்கொண்டிருக்கும். எனவே தொடரின் இயல்பான நடையை ஓர் அரிமா மாதிரியால் விவரித்து, நிகழ்வின் விளைவை அதன்மேல் தனி உறுப்பாகச் சேர்த்தார்கள்.

அந்தத் தனி உறுப்பு கட்டப்படுவது டம்மி மாறியால். நிகழ்வு இல்லாத மாதங்களில் 0, இருக்கும் மாதத்தில் 1 என்று எழுதப்பட்ட ஒரு நெடுவரிசைதான் அது. அந்த 1-க்கு எதிரே மாதிரி கண்டுபிடிக்கும் குணகமே நிகழ்வின் அளவு.

நான்கு வடிவங்கள்

0-உம் 1-உம் எப்படி அடுக்கப்படுகின்றன என்பதில்தான் நிகழ்வைப் பற்றிய அனுமானம் அடங்கியிருக்கிறது. ஒரே மாதத்தில் மட்டும் 1 என்றால் அது துடிப்பு: அடி விழுந்தது, அடுத்த மாதமே தொடர் பழைய பாதைக்குத் திரும்பியது. ஒரு மாதத்தில் தொடங்கி இறுதிவரை 1 என்றால் அது படி: தொடரின் மட்டமே நிரந்தரமாக மாறிவிட்டது. அடி விழுந்தபின் விளைவு மாதாமாதம் ஒரே விகிதத்தில் தேய்ந்தால் அது தற்காலிக மாற்றம். நான்காவது, அதிர்ச்சி மாதிரியின் உள்ளேயே நுழைந்து, தொடரின் வழக்கமான நினைவாற்றல் வழியே அடுத்தடுத்த மாதங்களுக்குப் பரவுவது.

இந்த வடிவங்களைக் கணினியே தேடிக் கண்டுபிடிக்கும் வழியை 1993-இல் சென், லியூ இருவரும் வகுத்தார்கள். R மொழியின் `tsoutliers` தொகுப்பு அந்த வழியில்தான் இயங்குகிறது; அரசுப் புள்ளிவிவர அலுவலகங்கள் பயன்படுத்தும் `X-13ARIMA-SEATS` மென்பொருளிலும் இத்தகைய தேடல் உண்டு. தற்காலிக மாற்றத்துக்கு அங்கே வழக்கமாக வைக்கப்படும் தேய்வு விகிதம் 0.7. அதாவது ஒவ்வொரு மாதமும் முந்தைய விளைவில் பத்தில் ஏழு பங்கு மிஞ்சுகிறது. இது வசதிக்காக வைத்த எண். எந்தத் தொடரும் இதற்குக் கட்டுப்பட்டு நடக்க வேண்டியதில்லை.

ஜிஎஸ்டி வசூலில் ஒரு கணக்கு

2018-19 நிதியாண்டைவிட 2019-20இல் ஜிஎஸ்டி வசூல் ஏறத்தாழ 4 சதவீதம் கூடியிருந்தது. பொதுமுடக்கம் வராமலிருந்தால் 2020-இலும் அதே வேகம் தொடர்ந்திருக்கும் என்று கொண்டால், ஏப்ரல் வசூல் 1,13,865 கோடியின் 1.04 மடங்கு, அதாவது சுமார் 1,18,400 கோடியாக இருந்திருக்க வேண்டும். வந்தது அதில் 27 சதவீதம்.

வசூல் போன்ற தொடர்களில் ஏற்ற இறக்கம் சதவீதமாக நிகழ்வதால், கணக்கை மடக்கையில் செய்வது வழக்கம். வந்த வசூலுக்கும் எதிர்பார்த்த வசூலுக்கும் உள்ள விகிதத்தின் மடக்கைதான் டம்மியின் குணகமாக வரும். ஐந்து மாதங்களுக்கும் செய்தால் கிடைப்பது இது:

| 2020 | எதிர்பார்த்தது (கோடி ரூ.) | வந்தது (கோடி ரூ.) | மடக்கை விளைவு |
|---|---|---|---|
| ஏப்ரல் | 1,18,400 | 32,172 | −1.30 |
| மே | 1,04,300 | 62,151 | −0.52 |
| ஜூன் | 1,03,900 | 90,917 | −0.13 |
| ஜூலை | 1,06,200 | 87,422 | −0.19 |
| ஆகஸ்ட் | 1,02,100 | 86,449 | −0.17 |

செப்டம்பரில் எதிர்பார்ப்பு 95,600 கோடி, வந்தது 95,480 கோடி, விளைவு பூஜ்யம். அக்டோபரில் வசூல் எதிர்பார்ப்புக்கு மேலே போனது.

குணகத்தைப் படிப்பதில் ஒரு வழுக்கல் உண்டு. −1.30 என்பதை 130 சதவீத வீழ்ச்சி என்று சொல்லிவிடக் கூடாது. மடக்கையைத் திருப்பினால் 0.27 வரும்; வீழ்ச்சி 73 சதவீதம். சிறிய குணகங்களில் இந்த வேறுபாடு கண்ணில் படாது. பொதுமுடக்க அளவிலான வீழ்ச்சியில் பெரிதாகத் தெரியும்.

இப்போது வடிவத்துக்கு வரலாம். ஏப்ரலிலிருந்து மே மாதத்துக்கு விளைவு 0.4 மடங்காகச் சுருங்கியிருக்கிறது. அதே 0.4 தொடர்ந்தால் அடுத்த மூன்று மாதங்களில் −0.21, −0.08, −0.03 என்று தேய வேண்டும். மொத்தமாகப் பார்த்தால் இது உண்மையிலிருந்து அதிகம் விலகவில்லை. மென்பொருள் வைத்திருக்கும் 0.7-ஐ அப்படியே விட்டால் மே மாதத்துக்கு −0.91, ஜூனுக்கு −0.64 என்று வரும். நடந்ததைவிட மீட்சி வெகு மெதுவாக இருந்ததாக மாதிரி நம்பிவிடும். விகிதத்தைத் தரவிலிருந்து கணிப்பதே சரி.

ஆனால் ஜூன் மாதத்தின் −0.13 எந்தத் தேய்வுக்கும் பொருந்தவில்லை. ஜூலையைவிட ஜூன் நன்றாக இருந்தது என்று அது சொல்கிறது. சரிந்த வியாபாரம் நிமிர்ந்து மீண்டும் சரிந்ததாகத் தோற்றம். விளக்கம் வரி வசூலாகும் விதத்தில் இருக்கிறது. நோய்க்கால நிவாரணமாக ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கெடு தள்ளிவைக்கப்பட்டதால், பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மாதங்களுக்கான வரியைப் பலர் ஜூனில்தான் கட்டினார்கள். ஜூலை வசூலை அறிவித்தபோது அரசே இதைச் சுட்டிக்காட்டியது. ஏப்ரலின் பள்ளத்தில் ஒரு பகுதி இழந்த வியாபாரம் அல்ல, தள்ளிப்போன கட்டணம். ஜூனின் மேட்டில் ஒரு பகுதி அந்தப் பணமே.

சாதாரண நாட்களிலும் ஒரு மாத வியாபாரத்தின் வரி பெரும்பாலும் அடுத்த மாதம் 20-ஆம் தேதி வாக்கில் வந்து சேரும். முடக்கம் மார்ச் கடைசி வாரத்தில் தொடங்கியிருந்தும் மார்ச் வசூல் 97,597 கோடியாக, முந்தைய ஆண்டைவிட 8 சதவீதம் அளவே குறைந்து நின்றது. டம்மியை எந்த மாதத்தில் வைப்பது என்பதை நாளிதழ்த் தலைப்பு தீர்மானிக்காது. அந்தத் தொடரின் எண் எப்படி உருவாகிறது என்பதே தீர்மானிக்கும். மின் நுகர்வாக இருந்தால் டம்மி மார்ச் 25 அன்றே தொடங்க வேண்டும். ஜிஎஸ்டி வசூலுக்கு ஏப்ரலே தொடக்கம்.

இவ்வளவு ஒழுங்கற்ற வடிவத்துக்கு ஒரே தேய்வுக்கோட்டைப் பொருத்துவதைவிட, மாதத்துக்கு ஒன்றாக ஐந்து துடிப்பு டம்மிகளை வைப்பது பாதுகாப்பானது. R மொழியில் அது இப்படி அமையும்:

```r
library(forecast)
# gst: மாதாந்திர ts, தொடக்கம் 2017 ஆகஸ்ட்
m  <- round(as.numeric(time(gst)) * 12)
t0 <- 2020 * 12 + 3            # 2020 ஏப்ரல்
X  <- sapply(0:4, function(k) as.numeric(m == t0 + k))
colnames(X) <- c("apr", "may", "jun", "jul", "aug")
fit <- auto.arima(log(gst), xreg = X)
fc  <- forecast(fit, xreg = X[1:12, ])   # எல்லாம் 0
exp(fc$mean)
```

கடைசிக்கு முந்தைய வரியில்தான் முன்கணிப்பின் அனுமானம் ஒளிந்திருக்கிறது. எதிர்கால 12 மாதங்களுக்கும் டம்மி மதிப்புகள் தரப்பட வேண்டும். தொடரின் முதல் 12 வரிசைகளில் எல்லா டம்மியும் 0 என்பதால் அவையே இங்கே எடுத்துத் தரப்படுகின்றன. பொருள்: வரும் ஆண்டில் பொதுமுடக்கம் இல்லை. படி வடிவ டம்மியாக இருந்தால் எதிர்காலத்துக்கு 1 தர வேண்டும். மட்டம் மாறியது மாறியதுதான் என்று அதற்குப் பொருள்.

இந்தத் திருத்தத்தோடு 2021 ஏப்ரலைக் கையாலேயே கணித்துப் பார்க்கலாம். விளைவை நீக்கிய 2020 ஏப்ரல் 1,18,400 கோடி. 2021-இன் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் முந்தைய ஆண்டைவிட வளர்ச்சி 7 முதல் 8 சதவீதம். 8-ஐ எடுத்துக்கொண்டால் கணிப்பு சுமார் 1,27,900 கோடி. வந்த 1,41,384 கோடியிலிருந்து இது 10 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக விலகுகிறது. டம்மி இல்லாத கணிப்பின் விலகல் 75 சதவீதம். மிச்சமிருக்கும் பிழை பொதுமுடக்கத்தோடு சேர்ந்ததல்ல. 2020 அக்டோபர் முதல் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்கு மின்-இன்வாய்ஸ் கட்டாயமானது, போலி பில்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று வசூலை மேலே தள்ளக்கூடிய வேறு காரணங்களும் வந்திருந்தன. அவற்றைக் கணக்கில் சேர்க்க விரும்புபவர் அக்டோபரில் ஒரு படி டம்மி வைத்துச் சோதிக்கலாம்.

சறுக்கும் இடங்கள்

முதல் சறுக்கல் வளர்ச்சி விகிதத்தோடு வேலை செய்பவர்களுக்கு. சென்ற ஆண்டோடு கழித்த தொடரில் ஒரு துடிப்பு இரண்டு முறை தோன்றும்: 2020 ஏப்ரலில் −1.30 ஆகவும், 2021 ஏப்ரலில் அதே அளவு எதிர்க்குறியோடும். 2021 ஏப்ரலில் வசூல் 339 சதவீதம் வளர்ந்தது என்று கணக்கு காட்டியது இந்த இரண்டாவது தோற்றத்தால்தான். கழித்த பிறகு டம்மியை 2020-இல் மட்டும் வைத்தால் பாதி வேலை மிச்சமிருக்கும். மேலே உள்ள நிரலில் இந்தக் கவலை இல்லை. `auto.arima` தொடரைக் கழிக்கும்போது டம்மிகளையும் சேர்த்தே கழிக்கிறது.

இரண்டாவது, நிகழ்வு தொடரின் கடைசியில் நிற்கும்போது. 2020 மே தொடக்கத்தில் ஏப்ரல் எண் மட்டுமே கையில் இருந்தது. அது துடிப்பா, படியா என்று அந்த ஒரு எண்ணிலிருந்து எந்த மென்பொருளாலும் பிரித்தறிய முடியாது. இரண்டு டம்மிகளும் அதுவரை ஒரே நெடுவரிசைதான். ஆனால் கணிப்புகள் பாரதூரமாக வேறுபடும். துடிப்பு என்றால் மே மாதத்துக்கு 1,04,300 கோடி, படி என்றால் 28,300 கோடி, 0.7 தேய்வு என்றால் சுமார் 41,900 கோடி. வந்தது 62,151 கோடி. மே எண் வந்தபின் தேய்வு 0.4 என்று கணித்திருந்தால் ஜூனுக்கு 84,500 கோடி என்று சொல்லியிருக்கலாம். அது 7 சதவீதப் பிழையே. 2020 மார்ச் இறுதியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட் உறுப்பு நாடுகளுக்குத் தந்த வழிகாட்டுதல் இந்த நிலையைக் கருதியதுதான்: கடைசி மாத அதிர்ச்சியை முதலில் துடிப்பாகக் கொள்க, மேலும் தரவு வந்தபின் அது படியா தற்காலிக மாற்றமா என்று மறுபடி பரிசீலிக்க.

மூன்றாவது, டம்மி தரும் போலித் திருப்தி. ஒரு மாதத்துக்கு ஒரு துடிப்பு டம்மி வைத்தால் அந்த மாதத்தின் பெரும் எச்சம் மறைந்துவிடும். மாதிரி நன்றாகப் பொருந்துகிறது என்பதற்கு அது சான்றாகாது. அந்த மாதத்தைக் காலியாக விட்டு, விடுபட்ட மதிப்பாகக் கருதியதும் அதுவும் ஒன்றே. உள்நாட்டு விற்பனை பூஜ்யமான தொடர்களில் இந்தச் சமன்பாடு உதவிக்கு வருகிறது. 2020 ஏப்ரலில் மாருதி சுசுகி உள்நாட்டில் ஒரு காரும் விற்கவில்லை. பூஜ்யத்துக்கு மடக்கை கிடையாது. அங்கே அந்த மாதத்தை விடுபட்டதாக அறிவித்தால் போதும், டம்மி வைத்த அதே முன்கணிப்பு கிடைக்கும். ஆனால் பிடிக்காத மாதங்களுக்கெல்லாம் டம்மி வைத்துக்கொண்டே போனால், தொடரின் இயல்பான அலைவையும் துடைத்துவிட்டு, மிகக் குறுகலான பிழை வரம்பு ஒன்றைத்தான் பெற முடியும். ஜிஎஸ்டி 2017 ஜூலையில் அறிமுகமானது. முடக்கத்துக்கு முன் மூன்று ஆண்டுத் தரவுகூட இல்லாத தொடரில் ஒவ்வொரு டம்மிக்கும் விலை அதிகம். பெயர் சொல்லக்கூடிய காரணம் இல்லாத மாதத்துக்கு டம்மி வைக்காமலிருப்பது நல்ல விதி.

டம்மியே வைக்காமல் விடுவதும் மற்ற மாதங்களைக் கெடுக்கும். ஏப்ரல் அளவிலான ஒரே வீழ்ச்சி மாதிரியின் பிழைவிலக்கத்தைப் பல மடங்கு ஊதிவிடுவதால், ஜூலையின் −0.19 போன்ற உண்மையான விலகல்கள் சாதாரண அலைவாகத் தெரியும். பெரிய விலகலை முதலில் டம்மியால் எடுத்தபின் எச்சங்களை மறுபடி வரைந்து பார்க்க வேண்டும். டம்மி வைத்த மாதங்களுக்கு அடுத்து வரும் எச்சங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் வடிவம் தவறு. விளைவு இன்னும் முடியவில்லை அல்லது மட்டம் மாறிவிட்டது. ஜிஎஸ்டியில் செப்டம்பரின் பூஜ்யமும் அதன்பின் பெரும்பாலும் மேல்நோக்கி வந்த எச்சங்களும், கீழ்நோக்கிய நிரந்தரப் படி எதுவும் இல்லை என்று காட்டுகின்றன.

இரண்டாம் அலை சொல்லும் வரம்பு

2021 ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை வந்தது. இம்முறை நாடு தழுவிய முடக்கம் இல்லை. தமிழ்நாட்டில் மே 10 முதல் இருந்ததுபோல் மாநிலங்கள் தனித்தனியாக அறிவித்தன. ஜூன் மாத ஜிஎஸ்டி வசூல் 92,849 கோடியாகச் சரிந்தது. விளைவு நீக்கிய 2020 ஜூனோடு 8 சதவீத வளர்ச்சியைச் சேர்த்தால் எதிர்பார்ப்பு 1,12,200 கோடி. சரிவு 17 சதவீதம், மடக்கையில் −0.19. முதல் முடக்கத்தின் −1.30-ஐ இரண்டாவதற்கும் அப்படியே பொருத்தியிருந்தால் கணிப்பு 30,000 கோடி அருகே போயிருக்கும். தொழிற்சாலைகளும் சரக்குப் போக்குவரத்தும் பெருமளவு இயங்கிய இரண்டாம் முறைக்கும், எல்லாம் நின்ற முதல் முறைக்கும் ஒரே பெயர் இருந்ததே தவிர ஒரே அளவு இல்லை.

ஒரு முறை மட்டும் நடந்த நிகழ்வின் குணகம் அந்த நிகழ்வின் பதிவு மட்டுமே. அடுத்த நிகழ்வு எப்போது வரும், எவ்வளவு ஆழமாக இருக்கும் என்று அது சொல்லாது. டம்மி வைத்த மாதிரி தரும் 95 சதவீத வரம்பும் முடக்கம் இல்லாத உலகத்துக்கான வரம்புதான். அப்படியொரு அபாயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியவர், எதிர்கால டம்மியில் 0-க்குப் பதில் ஓர் அனுமான அளவை வைத்து இரண்டாவது கணிப்பு ஒன்றைத் தயாரித்து, இன்ன நிபந்தனைக்கு இன்ன எண் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதே முறை.